ஆயாவோட முட்டியும் நான் வாங்கிக் கொடுத்த டப்பாவும்

பௌர்ணமின்னா எங்க ஊர் திருவண்ணாமலை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலம். எங்க ஆயா ஒரு பௌர்ணமியும் விட்டதில்ல. ஆனா ரெண்டு வருஷமா அக்னி லிங்கம் தாண்டினதும் ஒரு திண்ணையைப் பாத்து உக்காந்துடும். "நீ சுத்திட்டு வாடா, நான் ஆட்டோ புடிச்சு வூட்டுக்குப் போறேன்"னு சொல்லும். முட்டித் தேய்மானம்.

போன செமஸ்டர் லீவுல நான் பெரிய மனுஷனா ஆன்லைன்ல ஒரு டப்பா ஆர்டர் பண்ணேன். பாஸ்வெல்லியா, மஞ்சள், இஞ்சி மூணும் ஒரே கேப்சூல்ல. "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை"ன்னு மேலயே போட்டிருந்துச்சு. மூணாவது வாரம் ஆயா நெஞ்சு எரியுதுன்னுச்சு. அப்புறம் ஒருநாள் அம்மாகிட்ட மட்டும், வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா இருக்குன்னு சொல்லியிருக்கு.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பா போகும். ஆயா அதைச் சாப்பிடல. அப்போ இரைப்பையில ரத்தம் கசியுதுன்னு சந்தேகப்படணும். எண்டோஸ்கோப்பில புண் தெரிஞ்சுது. டாக்டர், "வீட்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க"ன்னார். பையைக் கொட்டினா என் டப்பா, இதயத்துக்கு தினமும் போடுற ஆஸ்பிரின், வலி அதிகமானா ஆயாவே மெடிக்கல்ல வாங்குற டைக்ளோஃபெனாக். போதாததுக்கு காலையில வெறும் வயித்துல சுக்குக் கஷாயம் வேற. சுக்கும் இஞ்சிதானே!

முதல் குற்றவாளி ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்ததுதான்னு டாக்டர் சொன்னார். இரைப்பையோட உள்சுவரைக் காக்கிற சளிப்படலத்துக்கு ப்ரோஸ்டாகிளாண்டின் வேணும். அது உருவாகிறதையே இந்த ரெண்டும் தடுக்குது. இஞ்சியும் மஞ்சளும் வயித்துல எரிச்சல் கொடுக்கலாம், ரத்தம் உறையுறதையும் கொஞ்சம் குறைக்கலாம். அதனால ஏற்கெனவே ஆஸ்பிரினோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ போடுறவங்க இதைக் கேப்சூலா எடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்கணும். "உன் டப்பாதான் காரணம்னு சொல்ல மாட்டேன்பா. ஆனா உதவி பண்ணல"ன்னார். அந்த "பா" எனக்கு இன்னும் குத்துது.

அப்புறம்தான் உக்காந்து ஆய்வுகளைப் படிச்சேன். படிக்காமலே வாங்கினது என் தப்பு.

பாஸ்வெல்லியா நம்ம ஊர் மரத்துப் பிசின்தான். நாட்டு மருந்துக் கடையில பறங்கிச் சாம்பிராணின்னு கேப்பாங்க. (பூஜையில புகை போடுற கட்டி வேற; அதைப் பொடிச்சுச் சாப்பிட்டுடாதீங்க.) 2003-ல நாக்பூர் டாக்டர்கள் 30 முட்டித் தேய்மான நோயாளிகளை எடுத்தாங்க. பாதிப்பேருக்கு 8 வாரம் 333 மில்லிகிராம் கேப்சூல், தினம் மூணு வேளை. மீதிப்பேருக்கு வெத்து கேப்சூல். 21 நாள் இடைவெளி விட்டு ரெண்டு குழுவையும் மாத்தினாங்க. மருந்து எடுத்தப்போ வலி குறைஞ்சுது, நடக்கிற தூரம் கூடுச்சு. ஆனா எக்ஸ்ரேல எதுவும் மாறல. அதாவது தேஞ்சது தேஞ்சதுதான். 30 பேர்ங்கிறது சின்ன சாம்பிள்ங்கிறதையும் மறக்காதீங்க. இது டைக்ளோஃபெனாக் மாதிரி சளிப்படலத்தைத் தாக்குறதில்ல. வேற ஒரு என்சைம் வழியா வேலை செய்யுது. இருந்தாலும் சிலருக்கு குமட்டல், வயித்துப்போக்கு வரும்.

மஞ்சளுக்கு ஆதாரம் கொஞ்சம் பெருசு. 2014-ல தாய்லாந்துல 367 பேர்கிட்ட மஞ்சள் சாறு தினம் 1500 மில்லிகிராமையும் ஐபுப்ரோஃபென் 1200 மில்லிகிராமையும் நாலு வாரம் ஒப்பிட்டாங்க. வலி குறைஞ்சதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வயித்து வலி மட்டும் மஞ்சள் குழுவுல குறைவு. ஆனா அது செறிவூட்டின சாறு. நம்ம சமையல் மஞ்சள்தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ரசத்துல போடுறதை வெச்சு கணக்குப் போடாதீங்க.

இஞ்சிதான் என்னைக் கவுத்துச்சு. 2001-ல அமெரிக்காவுல வெளியான ஆய்வுல, நிக்கும்போது முட்டி வலி குறைஞ்சவங்க இஞ்சி குழுவுல 63 சதவீதம், வெத்து மாத்திரை குழுவுல 50. வித்தியாசம் அவ்ளோதான். வயித்துத் தொந்தரவு வந்தவங்களோ 45 சதவீதம், எதிர்ப்பக்கம் 16. பெரும்பாலும் லேசான தொந்தரவுதான், ஏப்பம், எரிச்சல் மாதிரி. ஆனா 13 சதவீத லாபத்துக்கு வயசானவங்க வயித்துல அவ்ளோ ரிஸ்க் எடுக்கணுமான்னு நீங்களே யோசிங்க.

என் டப்பாவை மறுபடி பாத்தேன். மூணும் சேர்ந்து 500 மில்லிகிராம்னு இருந்துச்சு. எது எவ்வளவுன்னு போடவே இல்ல. அந்த ஆய்வுகளோட எப்படி ஒப்பிடறது?

ஆயாவுக்கு இப்ப புண் ஆறிடுச்சு. ஆஸ்பிரின் மட்டும் டாக்டர் சொன்னபடி, கூடவே வயித்துக்கு ஒரு மாத்திரை. டைக்ளோஃபெனாக்கும் டப்பாவும் நிறுத்தியாச்சு. முட்டிக்குத் தொடைத் தசைப் பயிற்சி: நாற்காலில உக்காந்து காலை நீட்டி, அஞ்சு எண்ணி இறக்கணும். சீரியல் பாத்துக்கிட்டே செய்யுது. சுக்குக் காப்பியை மட்டும் விடமாட்டேங்குது. சாப்பிட்ட பிறகு, அரை டம்ளர்னு பேசி முடிச்சிருக்கோம்.

போன பௌர்ணமிக்கு எம லிங்கம் வரைக்கும் நடந்துச்சு. அங்கேர்ந்து ஆட்டோ.