பிரம்பு இறக்கை சொன்ன பாடம்

மேலே தூக்குவது மட்டும்தான் ஹெலிகாப்டரின் கஷ்டம் என்றால், அது விமானத்துக்கு முன்பே வானம் ஏறியிருக்கும். குச்சியின் தலையில் சாய்வாகச் செதுக்கிய இரண்டு மூங்கில் இறக்கையைச் செருகி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி விட்டால் அது விர்ரென்று மேலே போகும். சீனப் பிள்ளைகள் பல நூற்றாண்டுகளாக இதை விளையாடியிருக்கிறார்கள். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் சேத்தக் ஹெலிகாப்டர்களின் ரோட்டரோடு என் வேலைக்காலம் கழிந்தது. இப்போது தட்டாஞ்சாவடியில் இருக்கிறேன். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை பழகும் பையன்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பொம்மையே பறக்குதே மாமா, பெரிசா செஞ்சு இன்ஜின் வச்சா முடிஞ்சுபோச்சு, அதுக்கு ஏன் இத்தனை வருஷம்?"

நல்ல கேள்வி. பொம்மை இரண்டு சிக்கல்களை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது என்பதுதான் பதில்.

முதல் சிக்கல், உடம்பும் சேர்ந்து சுற்றுவது. பொம்மையில் குச்சியும் இறக்கையும் ஒன்றாகவே சுற்றுகின்றன, யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் ஆள் உட்காரும் கூண்டு சுற்றாமல் நிற்க வேண்டும். இன்ஜின் இறக்கையை ஒரு பக்கம் தள்ளினால், இறக்கை இன்ஜினையும் கூண்டையும் எதிர்ப்பக்கம் தள்ளும். பிரெஞ்சுக்காரர்களான லோனுவாவும் பியன்வெனுவும் 1784-லேயே இதற்கு வழி காட்டிவிட்டார்கள். பறவை இறகுகளால் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சுழலிகள் செய்து, வில் போல வளைத்த குச்சியின் முறுக்கில் அவற்றை எதிரெதிர்த் திசையில் சுற்றவிட்டு, பாரிஸ் அறிவியல் அகாதமியின் முன் பறக்கவிட்டார்கள். 1870-ல் அல்போன்ஸ் பெனோ வில்லுக்குப் பதில் ரப்பரை முறுக்கினார். ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்பா வாங்கிவந்து கொடுத்தது அந்த வகைப் பொம்மைதான்.

இரண்டாவது சிக்கலைப் பொம்மை எழுப்புவதே இல்லை. காரணம், அது நேராக மேலே போய் நேராகக் கீழே விழுகிறது. முன்னோக்கி நகர்ந்தால்தான் வில்லங்கம் ஆரம்பம்.

நான் பார்த்துப் பழகிய சேத்தக்கையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். அலுவெத் 3 என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டரைத்தான் எச்.ஏ.எல். நிறுவனம் நம் நாட்டில் சேத்தக் என்ற பெயரில் செய்தது. மூன்று இறக்கைகள், 11 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று. இறக்கையின் நுனி வினாடிக்கு சுமார் 200 மீட்டர் வேகத்தில் போகும். இப்போது ஹெலிகாப்டர் மணிக்கு 180 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 50 மீட்டரில், முன்னே போகிறது என்று வையுங்கள். மேலிருந்து பார்த்தால் சேத்தக் ரோட்டர் கடிகாரச் சுற்றாகச் சுற்றும். அதனால் இடப்பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்துப் போகிறது; அதன் நுனிக்குக் கிடைக்கும் காற்று வினாடிக்கு 250 மீட்டர். வலப்பக்கத்து இறக்கை பின்வாங்குகிறது. அதற்குக் கிடைப்பது 150 மீட்டர்தான். தூக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே அந்த இரண்டு நுனிகளிலும் விசை ஒன்றுக்கு ஏறக்குறைய 2.8 மடங்கு வித்தியாசப்படுகிறது. இறக்கைகளை நடுத்தண்டில் இறுக்கமாக முடுக்கியிருந்தால், இந்த வித்தியாசம் அப்படியே எந்திரத்தை வலப்பக்கம் கவிழ்த்துவிடும்.

ஸ்பெயின் பொறியாளர் ஹுவான் தெ லா சியெர்வாவுக்கு இதுதான் நடந்தது. அவர் செய்தது ஆட்டோஜைரோ. முன்னால் சாதாரண விமானப் புரொப்பல்லர் இழுக்கும். மேலே இருக்கும் ரோட்டர் காற்றடித்தே தானாகச் சுற்றும். 1920 முதல் 1922 வரை அவர் கட்டிய முழு அளவு எந்திரங்கள் ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தன. ஆனால் அவர் ரப்பர் முறுக்கிப் பறக்கவிட்ட சிறிய மாதிரி மட்டும் கவிழாமல் பறந்தது. ஒரே வடிவம், ஒரே கணக்கு. சின்னது பறக்கிறது, பெரியது கவிழ்கிறது. காரணத்தைத் தேடியபோது, மாதிரியின் இறக்கைகளுக்கு உள்தண்டாகப் பிரம்பைப் போட்டிருந்தது புரிந்தது. பிரம்பு வளையும். காற்று கூடும் பக்கம் இறக்கை மேலே வளைகிறது. குறையும் பக்கம் கீழே தணிகிறது. மேலே எழும்போது காற்று அதை மேலிருந்து அழுத்துவதுபோல் ஆகி, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறைகிறது. தணியும்போது கோணம் கூடுகிறது. இரண்டு பக்கத்து விசையும் தானாகவே சமமாகிவிடுகிறது.

பெரிய எந்திரத்துக்குப் பிரம்பு தாங்காது. அதனால் சியெர்வா இறக்கையின் அடியில் கதவுக்குப் போடுவதுபோல ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே ஹெத்தாஃபெயில் அந்த எந்திரம் கவிழாமல் பறந்தது. கீலில் தொங்கும் இறக்கை எப்படிச் சுமை தாங்கும் என்று பையன்கள் கேட்பார்கள். நிறுத்தி வைத்த சேத்தக்கைப் பார்த்தால் இறக்கைகள் நுனி தணிந்து தொய்ந்திருக்கும். சுற்ற ஆரம்பித்ததும் ஒவ்வோர் இறக்கையையும் பல டன் விசை வெளிப்பக்கம் இழுக்கும். விறைப்பைக் கொடுப்பது அந்த இழுவைதான்.

அடுத்து மிச்சமிருந்தது அந்தரத்தில் நிற்பது. அதற்கு ரோட்டரை இன்ஜினே சுழற்ற வேண்டும். இறக்கைகளின் கோணத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கூட்டி, எதிரிடத்தில் குறைத்து, விமானி விரும்பும் பக்கம் சாய்க்க வேண்டும். இந்தக் கோண மாற்றத்தை 1920-களிலேயே பெஸ்காரா செய்து காட்டினார். 1936-ல் ஜெர்மனியின் ஃபோக்கே பக்கத்துக்கொன்றாக இரண்டு ரோட்டர் வைத்து முழுக் கட்டுப்பாட்டோடு பறக்கவிட்டார். சிகோர்ஸ்கி 1939 செப்டம்பர் 14-ல் ஒரே ரோட்டரும், திருகு விசையைத் தடுக்க வாலில் ஒரு சின்ன ரோட்டருமாக, கயிறு கட்டிய எந்திரத்தைத் தரையைவிட்டு எழுப்பினார். இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் இந்த வரிசையில் வந்தவை. சேத்தக்கும் அதில் ஒன்று.

தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் இறக்கையைக் கட்டி மேய்ப்பதுதான் எங்கள் தொழில். மூன்றும் ஒரே தடத்தில் சுற்ற வேண்டும். கருவிகள் வருவதற்கு முன் இருந்த பழைய முறை இது: ஒவ்வோர் இறக்கை நுனியிலும் ஒரு நிறச் சாக்கைத் தடவுவது, ரோட்டர் சுற்றும்போது வெள்ளைத் துணி கட்டிய கம்பத்தை மெல்லச் சாய்த்து, நுனிகள் துணியை உரசும்படி பிடிப்பது. மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. ஒரு நிறம் தனியாக மேலே நின்றால் அந்த இறக்கை உயரப் போகிறது என்று அர்த்தம்; அதன் பிட்ச் ராடைச் சற்றுக் குறைப்போம். விமானி சொல்வதைக் கேட்டும் பாதி தெரிந்துவிடும். வினாடிக்கு ஆறு தடவை சீட் மேலும் கீழும் குதிக்கிறது என்றால் தடம் பிசகியிருக்கும். இடமும் வலமுமாக ஆட்டுகிறது என்றால் எடையில் பேதம்.

கீல் வந்ததால் இரண்டு பக்கத்து விசையின் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழியவில்லை, கவிழ்ப்பதை மட்டும் விட்டது. வேகம் கூடக்கூடப் பின்வாங்கும் இறக்கைக்குக் காற்று குறைந்துகொண்டே போகும். ஈடுகட்ட அது இன்னும் இன்னும் கோணத்தைக் கூட்டும். ஓர் எல்லைக்கு மேல் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். எந்திரம் நடுங்கி, அந்தப் பக்கம் தூக்கும் சக்தியை இழக்கும். சேத்தக் மணிக்கு 210 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கையேட்டில் எல்லை போடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. சியெர்வாவின் முதல் எந்திரங்களைக் கவிழ்த்த அதே வித்தியாசம்தான், இன்றைக்கும் ஹெலிகாப்டர் விமானத்தின் வேகத்தை எட்டவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.