சரக்கு நல்லாத்தான் இருக்கு, தேதிதான் சரியில்லை

"சாப், மால் ஏக்தம் டீக் ஹை. அப்புறம் ஏன் பணம் தரமாட்டேங்கறீங்க?"

கான்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், குதிரைச் சேணம் ஏற்றுமதி செய்யும் ஒரு பெரியவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டது. 38,000 டாலர் எல்.சி. பில்லை வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள் என்றார். தொழிலாளிகளுக்குக் கூலி பாக்கி வேறு.

எல்.சி. என்பது வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதி. கேட்ட காகிதங்களை, கேட்டபடி காட்டினால் பணம். எங்களுக்கு வேதமான யு.சி.பி. 600-இன் 5-ஆவது பிரிவு, வங்கிக்கு வேலை ஆவணங்களோடுதான், சரக்கோடு அல்ல என்கிறது. நியாயம்தான். பி.காம். படித்த எனக்குச் சேணத்தில் நல்ல தோல் எது என்று என்ன தெரியும்? தரத்தில் சந்தேகமுள்ள வாங்குபவர், பரிசோதனைச் சான்றிதழையும் எல்.சி.யில் கேட்டு வைக்கலாம். அதுவும் ஒரு காகிதம்தான்!

இவர் எல்.சி.யில் கடைசி ஏற்றுமதித் தேதி மார்ச் 31, ஏற்றும் துறைமுகம் நவா ஷேவா. கன்டெய்னரை 22-ஆம் தேதியே கான்பூர் டிப்போவில் ஒப்படைத்துவிட்டார். ரயில் தாமதம், கப்பல் போய்விட்டது. பில் ஆஃப் லேடிங்கில் 'கப்பலில் ஏறியது' முத்திரை ஏப்ரல் 2. துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கான பில்லில் அந்த முத்திரைத் தேதிதான் கணக்கு. டிப்போவில் கொடுத்த தேதி செல்லாது.

"ஏஜென்ட் தெரிஞ்ச பையன்தான். 31-ன்னு போட்டுத் தரச் சொல்லட்டுமா?" என்றார் மெதுவாக.

அங்கேதான் நிறுத்தினேன். காகிதத்தைப் பார்த்துப் பணம் என்ற விதியில் இருக்கும் பெரிய ஓட்டையே மோசடி. அதற்கான புகழ்பெற்ற அமெரிக்க வழக்கில் இந்த ஊர் வாசனை உண்டு! லக்னோ நிறுவனம் ஒன்று நியூயார்க் வியாபாரிக்குப் பன்றி முடி விற்றது. 50 பெட்டிகளில் மாட்டு முடியும் குப்பையும்தான் இருந்தன என்பது புகார். ஆவணங்கள் கான்பூர் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகவே போயின. விற்றவரின் மோசடி பணம் கொடுக்கும் முன்பே தெரிந்தால் வங்கி மறுக்கலாம் என்றது 1941-இல் வந்த ஸ்டெஜ்ன் வழக்குத் தீர்ப்பு. சரக்கு மட்டம் என்ற வெறும் சண்டைக்கு அது பொருந்தாது.

நல்ல சரக்கு அனுப்பிய மனிதர் ஒரு பொய்த் தேதியால் அந்தக் கூட்டத்தில் சேரப் பார்த்தார். சொன்னதும் புரிந்துகொண்டார். முரண்பாட்டைச் சொல்லியே ஆவணங்களை அனுப்பினோம். வாங்குபவர் சம்மதித்தார், ஆனால் 4 சதவீதம் தள்ளுபடி கேட்டு! 1,520 டாலர் போனது. பணம் வர மூன்று வாரம். அதுவரை கூலிக்கு அவர் என்ன செய்தாரோ, நான் கேட்கவில்லை.

அடுத்த எல்.சி. வந்த அன்றே, சரக்கு தைக்கும் முன்பே எடுத்துக்கொண்டு வந்தார். ரயிலும் கப்பலும் சேர்ந்த போக்குவரத்து ஆவணம் போதும், சரக்கைக் கையேற்கும் இடம் கான்பூர் என்று திருத்தம் கேட்டு அனுப்பினோம். டிப்போ தேதியே ஏற்றுமதித் தேதியாகிவிடும். 'கப்பலில் ஏறியது' என்று தேதி முத்திரை எதையும் கூடுதலாகக் குத்த விடாதீர்கள், குத்தினால் மறுபடி அதுதான் கணக்கு என்று மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.