எரர் வராமலே தப்பாகும் மாடல்

லேப்ல நாம எழுதுற கோடு தப்பா இருந்தா சிவப்பு எழுத்தில் எரர் வந்துவிடும். மெஷின் லேர்னிங் மாடலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லும், அதையும் அடித்துச் சொல்லும். இது எனக்குப் புரிந்தது கிளாஸில் இல்லை, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில்.

இன்டர்ன்ஷிப்புக்காக நான் போனது பிளாஸ்டிக் மூடி தயாரிக்கிற ஒரு சின்ன யூனிட். கன்வேயருக்கு மேலே ஒரு கேமரா. ஒவ்வொரு மூடியையும் படம் எடுத்து, விரிசல் இருக்கா இல்லையா என்று மாடல் சொல்லும். நூறு மூடிக்கு மூன்று ரிஜெக்ட் ஆவது வழக்கம். ஒரு வாரம் அது ஒன்றாகக் குறைந்தது. "மால் நல்லா வருது தம்பி" என்று சூப்பர்வைசர் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை, மாடலைக் கண்காணிக்க ஒரு டாஷ்போர்டு செய்வது. முதலில் கான்ஃபிடன்ஸைப் பார்த்தேன். மாடல் தன் பதிலில் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. சராசரி 0.97, பழையபடியே இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும்.

அடுத்தது இன்புட். ஒவ்வொரு படத்துக்கும் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு இருட்டு, நடுத்தரம், பளிச் என்று மூன்று பெட்டியாகப் பிரித்தேன். மாடலைப் பொருத்திய முதல் வாரத்தில் அவை 20, 60, 20 சதவீதம். இப்போது 45, 45, 10. இரண்டுக்கும் உள்ள தூரத்தை PSI என்ற ஒரே எண்ணாக்கலாம்:

```python
psi = np.sum((p - q) * np.log(p / q))
```

இதில் `q` பழைய பங்கு, `p` இப்போதைய பங்கு. மூன்று பெட்டிக்கும் போட்டுக் கூட்டினால் 0.20 + 0.04 + 0.07, அதாவது சுமார் 0.31. இது 0.1-க்குள் இருந்தால் கவலை இல்லை, 0.25-ஐத் தாண்டினால் பெரிய மாற்றம் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு.

மேலே ஏறிப் பார்த்தால், கேமரா பக்கத்தில் இருந்த இரண்டு எல்இடி பட்டைகளில் ஒன்று மங்கிக்கொண்டே போயிருந்தது. வெளிச்சம் குறைந்தால் மெல்லிய விரிசல் படத்தில் விழாது. விரிசல் தெரியாத படம் மாடலுக்கு நல்ல மூடியின் படம்தான். அதனால் அது தயங்கவே இல்லை. கான்ஃபிடன்ஸ் ஏன் இறங்கவில்லை என்பதற்கும், ரிஜெக்ட் ஏன் குறைந்தது என்பதற்கும் காரணம் ஒன்றே. பாஸான மூடிகளில் 200-ஐ எடுத்துக் கையால் பார்த்தோம். நான்கில் விரிசல்.

பட்டையை மாற்றியதும் PSI இறங்கியது. ஆனால் அடுத்த மாதமே மறுபடி ஏறியது. இந்த முறை பார்ட்டி வெள்ளைக்குப் பதில் கிரீம் கலர் மூடி கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மறுபடியும் 200 மூடியைப் பார்த்தோம், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆக, டிரிஃப்ட் எண் சொல்வது "ஏதோ மாறியிருக்கு, போய்ப் பார்" என்பதை மட்டும்தான். மாடல் தப்பா சரியா என்பதை மனிதக் கண்தான் சொல்லணும்.

இதையே பெரிய அளவில் செய்த இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நம்ம தவளக்குப்பத்திலும் மருத்துவமனை வைத்திருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்டறியும் மாடலை கூகுள் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2019 முதல் 2023 வரை தமிழ்நாட்டில் 45 இடங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அது பரிசோதித்தது. அவர்களில் சுமார் 1 சதவீதம் பேரின் படங்களைக் கண் நிபுணர்கள் மறுபடி பார்த்து, மாடலின் பதிலோடு ஒப்பிட்டார்கள். தீவிர பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 97 சதவீதத்தினரை மாடல் சரியாகப் பிடித்திருந்தது. 2025-ல் வெளியான முடிவு இது. மாடலின் கான்ஃபிடன்ஸை மட்டும் வைத்து இந்த எண்ணைச் சொல்லவே முடியாது. மறுபடி பார்த்த அந்த 1 சதவீதத்தால்தான் சொல்ல முடிந்தது.

எங்கள் யூனிட்டில் இப்போது ஷிப்ட்டுக்கு ஒரு தடவை, பாஸான மூடிகளில் கொஞ்சத்தைக் கலந்து எடுத்து அண்ணன் கையால் பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார். PSI ஏறினால் கூடுதலாக 200. புராஜெக்டில் மாடலை எங்காவது பொருத்தப் போறவங்க ஒன்று செய்யுங்கள்: முதல் வாரத்தில் வந்த படங்களின் வெளிச்சக் கணக்கைத் தனி ஃபைலில் சேமித்து வையுங்கள். மேலே உள்ள `q` அதிலிருந்துதான் வரணும். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எதோடு ஒப்பிடுவீங்க?