அறுபத்தைந்து எங்கே போயிற்று?

என் சித்தி மகள் பாறசாலையை ஒட்டிய எல்லைச் சிற்றூரிலிருந்து நெய்யாற்றின்கரைத் துணிக்கடை ஒன்றுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்கிறாள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், தொலைநிலைக் கல்விப் பாடமோ ஆங்கிலத்தில். தரவுக் கட்டமைப்புத் தாளில் ஒருமுறை தோற்றிருந்தாள். மறுதேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், "ஒரு அட்டவணை போட்டுத் தா அக்கா" என்றாள். மொழியியல் படித்துவிட்டு, தொடர்களைப் பகுக்கும் நிரல் எழுதுவதற்காக நானும் பிந்திக் கற்ற பாடம் அது.

முதலில் பாடத்தை அல்ல, நேரத்தை எண்ணினோம். விடியற்காலையில் ஒன்றேகால் மணி, ஞாயிறன்று மூன்று மணி. மூன்று வாரத்துக்கும் சேர்த்து முப்பத்தொன்றரை மணி நேரம். இரவு ஒன்பதுக்குமேல் படிப்பதாக அவள் எழுதியிருந்ததை நானே அடித்துவிட்டேன்; நாள் முழுதும் நின்று வேலை செய்தவள் அப்போது படிக்க மாட்டாள்.

முதல் வாரம் அணி, இணைப்புப் பட்டியல், அடுக்கு, வரிசை. இரண்டாம் வாரம் மரங்களும் ஹாஷ் அட்டவணையும். மூன்றாம் வாரம் வரைபடமும் பழைய வினாத்தாள்களும். படித்த ஒவ்வொன்றையும் மறுநாளும், பிறகு நான்காம் நாளும் நூலை மூடிவைத்து வெற்றுத்தாளில் செய்ய வேண்டும். ரயிலில் புதுப்பாடம் கிடையாது. தனுவச்சபுரம், அமரவிளை கடந்து இறங்குவதற்குள் ஒரே ஒரு கணக்கு.

இரண்டாம் வாரத்தில் இருமத் தேடல் மரம் வந்தது. 50, 30, 70, 60, 80, 65 என்ற வரிசையில் எண்களைச் செருகி, பிறகு 50ஐ நீக்க வேண்டும். 50க்கு இரு பிள்ளைகள் உண்டு. ஆகவே அதனினும் பெரியவற்றுள் மிகச் சிறியதான 60 மேலே ஏற வேண்டும். நூலைப் பார்த்துச் சரியாகச் செய்தவள், மறுநாள் பார்க்காமல் செய்தபோது 60ஐ ஏற்றிவிட்டுப் பழைய கணுவை அப்படியே அழித்துவிட்டாள். அதன் வலப்பிள்ளையான 65 அறுந்து போயிற்று. இடம், கணு, வலம் என்று நடந்து பார்த்தாள்: 30, 60, 70, 80. ஏறுவரிசை கெடவில்லை என்பதால் விடை சரியென்றே நம்பினாள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டேன். ஆறில் ஒன்று போனால் ஐந்து, தாளில் நான்குதான்.

"அறுபத்தஞ்சு எங்க போச்சு அக்கா?"

65ஐ 70இன் இடப்பிள்ளையாக்க வேண்டும் என்பதைச் சிறிது நேரத்தில் தானே கண்டுகொண்டாள். அன்றுமுதல் நீக்கல் கணக்குகளுக்கு வரிசை, எண்ணிக்கை என இரண்டு சோதனைகள்.

மறுசெய்கைகள் குவிந்து புதுப்பாடத்தை விழுங்கத் தொடங்கியபோது, மறுநாளே பிழையின்றிச் செய்தவற்றுக்கு நான்காம் நாள் வேண்டாமென விதியைத் தளர்த்தினோம். பண்டிகைச் சரக்கு வந்து இரண்டு காலைகள் போயின. அந்த இழப்பை ஞாயிறு தாங்கியது. தாங்காத மீதிக்குச் சிவப்பு-கறுப்பு மரத்தைக் கைவிட்டோம். அது எனக்கு உறுத்தல்தான், ஆனால் இணைப்புப் பட்டியலைத் திருப்பிப்போட இன்னும் தடுமாறுபவளிடம் அதைத் திணிப்பது வீண்.

நாளை தேர்வு. இன்று காலை ரயிலிலிருந்து ஒரு படம் அனுப்பினாள்: துணிக்கடை ரசீதின் பின்பக்கம், ஒரு மரம், கீழே வட்டமிட்ட 5.