ஆறு வார அனுமதி

கடந்த 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, யாழ்ப்பாணத்தில் வாழும் எம் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அச்செய்தி இலண்டனில் இருந்த எம்மை எட்டியபோது அங்கே விடியற்காலை. சத்திரசிகிச்சை மறுநாளே நடந்தேறியது. ஆயின், வைத்தியர் எம் தங்கைக்குக் கூறிய ஒரு வார்த்தை எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "வெட்டுக் காயம் தானாக மாறும், நடை தானாக வராது. வீட்டுக்குப் போன பிறகு நாள்தோறும் பிடித்து நடக்க வைக்க ஓர் ஆள் வேண்டும்" என்றாராம்.

தங்கை ஒருத்தியே ஊரில் இருக்கிறாள். அவள் ஆசிரியை. காலை 7.30 முதல் பகல் 1.30 வரை பாடசாலை. அந்த ஆறு மணி நேரத்துக்கு அம்மாவிடம் யார் இருப்பது? நாம் பணிபுரிவதோ இலண்டனில் ஒரு கணக்குக் கந்தோரில். எஞ்சியிருந்த ஆண்டு விடுமுறை ஐந்தே நாள்.

நண்பர் ஒருவர் எளிய வழி ஒன்று சொன்னார். "இப்போது வேலை முழுவதும் மடிக்கணினியிலேதானே நடக்கிறது? சொல்லாமற் போய்விடு. எங்கிருந்து வேலை செய்கிறாய் என்று யார் கண்டார்?" என்றார். காண்பார் உண்டு என்பதை நாம் அறிவோம். கந்தோரின் கணினிப் பிரிவு ஒவ்வொருவரும் எந்த நாட்டிலிருந்து உள்நுழைகிறார் என்பதைப் பதிந்து வைக்கிறது. அறியாத நாடாயின் கதவு தானே மூடிக்கொள்ளும். அவ்வாறு பிடிபட்டால் போவது வேலை மட்டுமன்று. பதினொரு ஆண்டுகளாய்ச் சேர்த்த நம்பிக்கையும் அதனோடு போகும். ஆகவே கேட்பதென்று தீர்மானித்தோம்.

கேட்ட விதந்தான் பிழைத்துவிட்டது. அன்றிரவே எம் மேலதிகாரியான ஆங்கில அம்மையாருக்கு உருக்கமாக ஒரு மடல் வரைந்தோம். தாயாரின் நிலையையும் எம் துயரையும் விரித்து, "சில வாரங்கள் அங்கிருந்து வேலை செய்ய அனுமதி தருக" என்று முடித்தோம். மறுநாள் அவர் எம்மை அழைத்து அன்பாகவே பேசினார். ஆனால், "இம்மடலை வைத்துக்கொண்டு நான் யாரிடமும் எதையும் கேட்க முடியாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை? எந்த நேரம்? அந்த நாட்டில் இருந்து வேலை செய்ய உமக்குச் சட்டப்படி உரிமை உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் வேலையில் இருக்கும்போது தாயாரை யார் பார்ப்பார்?" என்று வினவினார்.

கடைசிக் கேள்வி எம்மைச் சுட்டது. மறுக்க வழி தேடுகிறார் என்றே முதலில் எண்ணினோம். வீடு வந்து ஆற அமர இருந்து யோசித்தபோதுதான், அதற்கு எம்மிடம் விடையே இல்லை என்பது புலனாயிற்று. ஒரு கையால் தாயாரைத் தாங்கி மறு கையால் கணக்கெழுதலாம் என்று கனாக் கண்டிருந்தோம்!

பிரித்தானியச் சட்டம் இவ்விடத்தில் பெரிதும் கைகொடுப்பதில்லை. 2024 ஏப்ரல் முதல், பராமரிப்புத் தேவையுள்ள உறவினருக்காக ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளமற்ற விடுமுறை பெறும் உரிமை ஊழியருக்கு உண்டு. வேலை முறையை மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கும் உரிமையும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் அதற்கு முடிவு சொல்ல முதலாளிக்கு இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. முறிந்த இடுப்பு இரண்டு மாதம் காத்திருக்குமா? வெளிநாட்டிலிருந்து வேலை செய்வதோ உரிமையே அன்று; முதலாளியின் இசைவு மட்டுமே.

இரண்டாவது மடல் ஒரே பக்கம். அதில் உருக்கம் இல்லை, விடைகள் இருந்தன. காலம்: ஒக்டோபர் 6 முதல் நவம்பர் 14 வரை, ஆறு வாரம். அவற்றுள் முதல் வாரம் ஆண்டு விடுமுறை. இரண்டாம் வாரம் பராமரிப்பு விடுமுறை. வீட்டுக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு இரவும் பகலும் ஆள் வேண்டும். அந்நாட்களில் வேலை செய்வதாய்ச் சொல்வது பொய்யாகிவிடும் என்று வெளிப்படையாகவே எழுதினோம். வேலை செய்வது எஞ்சிய நான்கு வாரங்களே.

நேரம்: இலண்டனில் 9.30 முதல் 5.30 வரை. அது யாழ்ப்பாணத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. தங்கை பாடசாலை விட்டு 2 மணிக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலை முழுவதும் அம்மா எம் பொறுப்பு. பிற்பகல் அவள் பொறுப்பு. அம்மையாரின் கேள்விக்கு இதுவே விடை.

சட்டம்: எமக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தமையால் தடையில்லை. சுற்றுலா அனுமதியில் வருபவருக்கு அங்கிருந்து வேலை செய்யும் உரிமை கிடையாது. பலர் தவறுவது இவ்விடத்தில்தான். வரியைப் பொறுத்தவரை, இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி விலக்கு உடன்படிக்கை உண்டு. 183 நாளுக்கு மேற்படாமல் தங்கி, அங்கே நிலையம் எதுவும் இல்லாத வெளிநாட்டு முதலாளியிடம் சம்பளம் பெறுபவருக்கு அது பொருந்தும். இதனைக் கணக்குப் பிரிவு சரிபார்க்கட்டும் என்று குறித்தோம். வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல்கள் கந்தோரை விட்டு வெளியே போகக்கூடாதவை. அவ்வேலையைச் சக ஊழியர் ஒருவர் ஏற்க, அவருடைய மாதமுடிவுக் கணக்கை நாம் ஏற்பதாகப் பேசி முடித்திருந்தோம்.

ஐந்தாம் நாள் எழுத்தில் அனுமதி வந்தது. நீடிப்பு இல்லை என்பது அதன் கடைசி வரி.

சொன்னபடி எல்லாம் நடந்ததா? இல்லை. ஒக்டோபர் மாதத்து இடியும் மின்னலும் பிற்பகலிலேயே வரும். அதாவது, சரியாக எம் வேலை நேரத்தில்! செருகிகளைக் கழற்றிவிட்டுக் கைத்தொலைபேசியின் இணையத்தில் தொங்கிய நாட்கள் மூன்று. ஒவ்வொரு முறையும் இருட்டத் தொடங்கும்போதே அம்மையாருக்கு அறிவித்தோம். ஒக்டோபர் 26இல் இலண்டன் மணிக்கூடு ஒரு மணி நேரம் பின்னே போனதை அடியோடு மறந்து, மறுநாள் 2 மணிக்கே வந்து ஒரு மணி நேரம் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் வேலை 3 மணி முதல் இரவு 11 வரை ஆயிற்று. அந்த மிகை மணி அம்மாவுக்குப் போயிற்று.

முதல் வாரம் சட்டத்தைப் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவு வரை. ஐந்தாம் வாரம் விறாந்தையின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை. ஒருநாட் காலை நடந்துகொண்டே அம்மா கேட்டார்: "உன்ரை துரைச்சாணி நல்ல மனுசிபோலை கிடக்கு. அவவுக்குத் தாய் இருக்கிறாவோ?"

பதினொரு ஆண்டுகளில் நாம் அதைக் கேட்டதே இல்லை. திரும்பிச் சென்ற முதல் நாள் கேட்டோம். சென்ற ஆண்டு காலமானார் என்றும், கடைசி வாரங்களில் தாம் கந்தோரில் இருந்ததாகவும் அம்மையார் சொன்னார்.