அட்டையின் இடது பக்கம்

பெரியம்மாவின் 60ஆம் பிறந்தநாளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கினேன். உள்ளே வலது பக்கத்தில், என்றும் பிரியாத உறவைப் பற்றி நான்கு வரிக் கவிதை. பாட்டி வீட்டுப் பிரச்சினையால் நான் பெரியம்மா வீட்டுப் பக்கம் போய் இரண்டு வருடமாகிவிட்டது. அந்தக் கவிதைக்குக் கீழே வெறும் பெயரை மட்டும் போட்டால் அது பொய்யாகிவிடும்.

இடது பக்கம் காலியாக இருந்தது. முதலில் ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தேன். “தங்கள் தியாகத்தை என்றும் மறவேன்.” வாய்விட்டுப் படித்தேன். வானொலியில் தினமும் வாழ்த்துகள் வாசிக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் வாழ்த்து, வாசித்த எனக்கே அடுத்த பாடலுக்குள் மறந்துவிடும். இதுவும் அந்த ரகம்தான். நான் பெரியம்மாவைத் ‘தாங்கள்’ என்று கூப்பிட்டதே இல்லையே!

இரண்டாவது தடவை, அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் பேசுவதுபோலவே எழுதினேன்.

“பெரியம்மா, யூபிஎஸ்ஆர் பரீட்சை அன்னிக்குத் திருநீறு பூசி, ‘அவசரப்படாம எழுதுடா’ன்னு சொன்னீங்க. இன்னிக்கும் மைக்கைத் திறக்கறதுக்கு முன்னால அதைத்தான் நினைச்சுக்கறேன். ரெண்டு வருஷமா வராதது என் தப்பு. வர்ற ஞாயிறு காலையில பத்து மணிக்கு வர்றேன்.”

இதற்கு நடுவே, வீட்டு விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்றும் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். பிறந்தநாள் அட்டையில் வழக்கை நடத்த முடியாது. என் தவறுக்கு ஒரு வரி போதும். ‘சீக்கிரம் வருகிறேன்’ என்று எழுதாமல் நாளையும் நேரத்தையும் குறித்ததும் வேண்டுமென்றே செய்ததுதான். எழுதிவிட்டால் போயே ஆகவேண்டும்.

அட்டையில் எழுதும் முன், பின்பக்க மூலையில் ஜெல் பேனாவால் ஒரு கோடு போட்டு விரலால் தேய்த்தேன். வழவழப்பான தாள், மை இழுபட்டது. சாதாரண பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறினேன். வரி கோணாமல் இருக்கப் பென்சிலால் மெல்லிய கோடுகள் போட்டு, எழுதி நன்றாகக் காய்ந்த பிறகு அழித்தேன். கூரியரில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அட்டை விரித்தபடி நின்றது. பெரியம்மா வீட்டு விஷயம் எதுவும் பேசவில்லை. தோசையை என் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்.

“இந்தப் பக்கத்தைத்தான்டா படிச்சேன். அந்தப் பக்கத்துல என்னமோ பாட்டு எழுதியிருக்கு, அதை இன்னும் படிக்கல.”