பெல் அடித்த பிறகும் முடியாத வேலை

கொழும்பில ஒரு டீச்சர் பெல் அடித்ததும் பஸ் ஏறிப் போய்விடலாம். அக்கரப்பத்தனையில அப்படி இல்லை. எங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலரும் இதே தோட்டங்களில் பிறந்தவர்கள். காலையில் "டீச்சர், நேத்து ராத்திரி அப்பா அம்மாவ அடிச்சாரு" என்று அழுத பிள்ளை, சாயங்காலம் அடுத்த லயத்து வாசலில்தான் நிற்கும். அந்த அப்பா எங்களுக்கு மாமா முறை. பீலியில தண்ணி பிடிக்கும்போது அவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேணும்.

இந்த நிலைமைக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1992இல் கார்லா ஜொயின்சன் என்பவர், அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதிமார் நோயாளிகளின் வேதனையை நாளெல்லாம் தாங்கித் தாங்கி மரத்துப்போவதைப் பற்றி எழுதினார். தமிழில் 'பரிவுச் சோர்வு' என்று சொல்லலாம். ஆனால் இதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காவிட்டால் தவறான மருந்தைத்தான் தேடுவோம்.

ஒன்று வேலைச் சலிப்பு. ஆள் பற்றாக்குறை, குறைந்த சம்பளம், முடியாத பதிவேடுகள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வருவது. மற்றது, அடுத்தவருக்கு நடந்த கொடுமை கேட்டவரின் உடம்புக்குள் வந்து குந்திக்கொள்வது. இது திடீரென்றும் வரும். 2021 யூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டு வேலைக்குப் போன இடத்தில் எரிகாயங்களுக்கு உள்ளாகி, கொழும்பு வைத்தியசாலையில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை மூன்று நாள் வராவிட்டாலே எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். காய்ச்சலாகத்தான் இருக்கும். ஆனா மனசு நேரே கொழும்புக்குப் போய்விடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க பெத் ஸ்டாம் என்பவர் உருவாக்கிய ஒரு வினாத்தாள் இருக்கிறது. கடந்த 30 நாட்களைப் பற்றி 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. வேலையில் கிடைக்கும் திருப்தி, சலிப்பு, ஒட்டிக்கொண்ட அதிர்ச்சி என்று மூன்று பிரிவு, பிரிவுக்குப் பத்துக் கேள்வி. 22 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. 42 அல்லது அதற்கு மேலே என்றால் அதிகம். இடைப்பட்டது நடுத்தரம். இது நோயைச் சொல்லும் பரிசோதனை இல்லை, சும்மா ஒரு கண்ணாடி.

எங்கள் கூட்டத்து டீச்சர் ஒருத்தி அதை நிரப்பினாள். திருப்தி 43, சலிப்பு 25, அதிர்ச்சி 39. அதாவது வேலை அவளுக்கு உயிர். சலிப்பும் பெரிதாக இல்லை. ஆனால் பிள்ளைகளின் கதைகள் கனவில் வருகின்றன, கதவு தட்டினால் திடுக்கிடுகிறாள், தாய் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பையனின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாள். இவளிடம் போய் "லீவு போட்டு ரெஸ்ட் எடு" என்றால் என்ன பயன்? லீவிலும் அதே லயத்தில்தானே இருப்பாள். கடைசியில் சொன்ன தவிர்ப்புதான் எங்களைப் பயமுறுத்தியது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது அக்கறையில்லாத டீச்சர் மாதிரித்தான் தெரியும்.

ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. வேதனைப்படும் மனிதர்களின் காணொளிகளைப் பார்க்கும்போது, அந்த வலியைத் தன் வலியாக உணரப் பயிற்சி பெற்றவர்களுக்கு வருத்தம் கூடியது. அதே ஆட்களுக்குப் பிறகு, துன்பப்படுகிறவர் நலமாக வேண்டும் என்ற அன்பை வளர்க்கும் பயிற்சி கொடுத்தார்கள். வருத்தம் குறைந்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறு. ஆக நம்மைத் தின்பது பரிவே இல்லை, அவர்களின் வலிக்குள்ளேயே நாமும் போய் உட்கார்ந்துகொள்வது. அப்படிப் பார்த்தால் 'பரிவுச் சோர்வு' என்ற பெயரே கொஞ்சம் பிழைதான்.

அந்த டீச்சர் இப்போது இரண்டு விஷயம் செய்கிறாள். பிள்ளை அழும்போது "இவனுக்கு இப்ப என்ன வேணும்?" என்று மனசுக்குள் கேட்கிறாள். சில நாள் ஒரு பிளேன்டீ, சில நாள் அவனுடைய அம்மாயிக்கு ஒரு போன். மற்றது, எங்களிடம் சொல்வதற்கு முன்னால் "ஒரு கஷ்டமான கதை, கேட்கிறீங்களா?" என்று கேட்கிறாள். பெயரையும் காயத்தின் விவரத்தையும் விட்டுவிட்டு, தனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறாள். முன்பு ஸ்டாஃப் ரூமில் ஒருவர் முழுக் கதையையும் கொட்டுவார், அடுத்தவர் அதைவிடப் பயங்கரமான ஒன்றைச் சொல்வார். டீ ஆறிப்போகும்.

ஆனால் சலிப்புப் பக்கத்தை இது தொடாது. பிள்ளை மடுவத்து அக்கா கைக்குழந்தைகளையும் பார்த்து, மத்தியானம் தாய்மாரின் கண்ணீரையும் கேட்கிறார். நாங்கள் அந்தத் தாளை நீட்டியதும் கேட்டார்: "இத நிரப்புற நேரத்துல புள்ளைங்கள யாரு பாக்குறது?" அன்றைக்கு எங்களில் இரண்டு பேர் தொட்டில் ஆட்டினோம். அவர் பதினோராவது கேள்வி வரைக்கும் வந்தார்.